சப்போர்ட்டிலிருந்து ப்ராடக்ட் கம்பெனிக்கு: நாலாவது வருடம், மூன்று நிராகரிப்பு

ராத்திரி ஷிப்ட் | 2 பிப்ரவரி 2025, பிற்பகல் 3.10

இப்போதுதான் தூங்கி எழுந்தேன், கோர்வையாக இருக்காது. 2021-ல் வளாகத் தேர்வில் ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனி எடுத்தது. சென்னையில் நான்கு மாதம் ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்ச், அப்புறம் பேட்ச் சப்போர்ட், 2023 கடைசியில் சிங்கப்பூர். சாங்கி பிஸினஸ் பார்க்கில் ஒரு வங்கிக்கு எல்2, அதாவது இரண்டாம் நிலை சப்போர்ட் பார்க்கிறேன். ஐந்து வருடம் முடிவதற்குள் ப்ராடக்ட் கம்பெனிக்கோ, சிஸ்டம் விழாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்ஆர்இ மாதிரி வேலைக்கோ போய்விட வேண்டும் என்று கணக்கு.

கோடிங் பயிற்சிக்கு லீட்கோட்டில் 300 கேள்வி தாண்டிவிட்டேன். மூன்று இடங்களில் கோடிங் சுற்றும் தாண்டினேன். மூன்றிலும் அதற்கடுத்த சுற்றில் வெளியே. அங்கே கேட்பது ஒரே கேள்வி: நீங்கள் கையாண்ட பெரிய சிக்கல் ஒன்றைச் சொல்லுங்கள். நானும் ஒரே கதைதான் சொல்கிறேன். தினமும் இரவு 11.30-க்கு ஒரு வேலை ஓடும், ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடியும். மாதக் கடைசியில் மட்டும் ஐந்து மணி நேரம் ஆகும். காலை 4 மணிக்குள் முடியாவிட்டால் வங்கியின் அறிக்கைகள் தாமதமாகும். நாங்கள் எல்லாருக்கும் தகவல் சொல்லி, கோடைப் பார்க்கும் எல்3 குழுவுக்கு டிக்கெட் போட்டு, முடியும்வரை கண்காணிப்போம். நேற்று முன்தினம் ராத்திரியும் அதேதான்.

கடைசி நேர்காணலில் அந்த அம்மா கேட்டார்: "ஏன் மெதுவாகிறது?" மாதக் கடைசியில் டேட்டா அதிகம் என்றேன். "எவ்வளவு அதிகம்?" என்றார். நான்கு விநாடி மௌனம். தெரியாது.

கேள்வி என்னவென்றால், சப்போர்ட்டில் இருப்பவனுக்குச் சொல்ல வேறு கதை எங்கிருந்து கிடைக்கும்?

லீட்கோட் 412 | 2 பிப்ரவரி, மாலை 5.44

300 போதாது ப்ரோ. டைனமிக் புரோகிராமிங்கை இறுக்கிப் பிடிங்கள், சிஸ்டம் டிசைனுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். சப்போர்ட் அனுபவத்தை ரெஸ்யூமேயில் குறைத்து எழுதுங்கள். நீங்கள் எழுதின ஸ்கிரிப்டுகளை கிட்ஹப்பில் போடுங்கள், ஆள் வேலை செய்பவர் என்று தெரியும். இன்னொரு விஷயம், வேலை பாஸுக்கு காம்பஸ் புள்ளி முறை வந்த பிறகு இந்தியர்களுக்குப் புள்ளி கிடைப்பதில்லை. ஐந்து வருடம் தாண்டினால் இங்கே கதவு மூடிய மாதிரிதான்.

துவாஸ் மணி | 3 பிப்ரவரி, காலை 7.02

தம்பி, நானும் புரொடக்‌ஷன்தான், 11 வருஷம். 12 மணி நேர ஷிப்ட். ப்ராடக்ட் கம்பெனி என்றால் துவாஸ், ஜூரோங் பக்கம் நிறைய இருக்கு. ஆனா கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை ஏன் இந்தப் பக்கம் வரணும்? ஏர்கானில் இருங்க.

ராத்திரி ஷிப்ட் | 3 பிப்ரவரி, காலை 7.30

மணி அண்ணே, அது வேற புரொடக்‌ஷன். சொந்தமாக மென்பொருள் செய்து விற்கிற கம்பெனியைத்தான் ப்ராடக்ட் கம்பெனி என்கிறோம். ஆனால் ஏர்கான் விஷயம் சரிதான், இங்கே சர்வர்களுக்காகக் குளிர் வைக்கிறார்கள், நாங்கள் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

வாம்போ | 3 பிப்ரவரி, இரவு 10.15

நான் சர்வீஸ் கம்பெனியில் நாலரை வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவள். இப்போது நேர்காணல் எடுக்கும் பக்கம் உட்கார்கிறேன். உங்களிடம் கதை இல்லாமல் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான்.

டிக்கெட் போட்டதோடு உங்கள் வேலை முடிந்தது. நிஜமான சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்னொருவர் எழுதின கோடாக இருக்கட்டும், ஏன் மெதுவாகிறது என்று தேட உங்களை யார் தடுத்தது? புரொடக்‌ஷனில் படிக்கும் அனுமதி இருக்கிறதல்லவா? முதலில் அந்த அம்மா கேட்டதற்கு விடை எடுங்கள். சாதாரண நாளில் எத்தனை வரி, மாதக் கடைசியில் எத்தனை வரி. 15 சதவீதம் கூடினதற்கு நேரம் மூன்று மடங்கு ஆனால், காரணம் டேட்டா அளவு இல்லை.

லீட்கோட் 412, கிட்ஹப் யோசனை ஆபத்து. வாடிக்கையாளர் இடத்தில் எழுதின ஸ்கிரிப்ட் இவருடைய சொத்து இல்லை. வங்கி என்றால் சர்வர் பெயர், அட்டவணைப் பெயர் வெளியே போனாலே வேலை போகும். கதையை வாயால் சொல்லுங்கள், பெயர்களை மாற்றிச் சொல்லுங்கள், போதும். காம்பஸ் பற்றிப் பிறகு எழுதுகிறேன், நீங்கள் சொன்னது பாதி உண்மை.

ராத்திரி ஷிப்ட் | 9 பிப்ரவரி, அதிகாலை 4.20

எண்ணிப் பார்த்தேன். சாதாரண இரவில் 21 லட்சம் வரி. ஜனவரி 31-ல் 24 லட்சம். அக்கா குத்துமதிப்பாகச் சொன்ன 15 சதவீதத்துக்கு மிக அருகில். நேரமோ 1 மணி 50 நிமிடத்திலிருந்து 5 மணி 10 நிமிடம். மூன்றரை வருடமாக எல்லாரும் "மன்த் எண்ட் வால்யூம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஒருவர்கூட எண்ணவில்லை. நானும் சேர்த்து.

காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்: நள்ளிரவு 12 மணிக்கு பேக்கப் ஆரம்பிக்கிறது. இரண்டும் டிஸ்க்கை இழுக்கின்றன.

வாம்போ | 9 பிப்ரவரி, காலை 9.00

பேக்கப் மாதக் கடைசியில் மட்டுமா ஓடுகிறது?

ராத்திரி ஷிப்ட் | 9 பிப்ரவரி, காலை 9.04

தினமும்.

சரி, வாபஸ்.

செங்காங் | 11 பிப்ரவரி, பிற்பகல் 1.30

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் மூன்று வருடம் டெஸ்டிங் செய்தேன். கல்யாணமாகி டிபெண்டன்ட் பாஸில் இங்கே வந்து நான்கு வருடம், கையில் குழந்தை. எனக்கும் ஐந்து வருடக் கணக்கு ஓடுகிறதா, அல்லது இடைவெளியைக் கழித்துவிட்டுப் பார்ப்பார்களா?

வாம்போ | 11 பிப்ரவரி, இரவு 11.20

செங்காங், இடைவெளியை விட முதலில் இதைப் பாருங்கள்: 2021 மே மாதத்திலிருந்து டிபெண்டன்ட் பாஸ்காரர்கள் வேலை செய்ய, அனுமதிக் கடிதம் மட்டும் போதாது, தனியாக வேலை அனுமதிச்சீட்டு வேண்டும். அதனால் உங்களுக்கும் சம்பளக் கணக்கு, பட்டச் சான்று எல்லாம் வரும். பட்டத்தை மூன்றாம் தரப்பு மூலம் சரிபார்த்த சான்றை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணல் முடிந்த பிறகு அதற்கு ஓடினால் வாரக்கணக்கில் இழுக்கும்.

ஐந்து வருடம் என்பது சட்டம் இல்லை. அந்த எண் எங்கிருந்து வருகிறது தெரியுமா? இரண்டு, மூன்று, நான்கு வருட அனுபவக்காரரை ஒரு படி கீழே இறக்கி எடுக்க எங்களுக்குக் கூச்சம் இல்லை, அவருக்கும் கூச்சம் இல்லை. ஆறு, ஏழு வருடம் என்றால் அவரை ஒரு சிஸ்டத்தை ஐந்து வருடம் சொந்தமாக வைத்திருந்தவரோடு ஒப்பிடுகிறோம். இரண்டு வருட நிலைக்கு எடுத்தால் சம்பளம் இடிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

ராத்திரி ஷிப்ட் | 1 மார்ச், காலை 6.50

நேற்று பிப்ரவரி 28, மாதக் கடைசி. இந்த முறை தேநீர் குடித்துக்கொண்டு மின்னஞ்சல் அனுப்பவில்லை. ஒவ்வொரு படியின் நேரத்தையும் குறித்தேன்.

சாதாரண இரவில் மேலிருந்து வரும் ஃபைல் 9.20-க்கு வருகிறது, 9.35-க்குள், அன்றைய டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கும் ஸ்டேஜிங் அட்டவணையில் ஏறிவிடுகிறது. மாதக் கடைசியில் அந்த ஃபைலே தாமதம், நேற்று 10.52. ஏறி முடித்தபோது 11.07. நம் வேலை 11.30-க்குத்தான் ஆரம்பம் என்பதால் இந்தத் தாமதத்தை யாரும் கண்டுகொள்வதில்லை, எங்கள் சார்ட்டில் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

அந்த அட்டவணையில் எத்தனை வரி என்று டேட்டாபேஸ் குறித்து வைத்திருக்கிறது, எப்போது குறித்தது என்று பார்க்க 11.15-க்கு இதை ஓட்டினேன் (பெயர்கள் மாற்றப்பட்டவை):

```sql
SELECT num_rows, TO_CHAR(last_analyzed, 'YYYY-MM-DD HH24:MI') AS last_analyzed
FROM   all_tab_statistics
WHERE  table_name = 'STG_TXN';
```

`num_rows` 0 என்று வந்தது. `last_analyzed` இரவு 10 மணி சொச்சம். ஆனால் அந்த நிமிடத்தில் அட்டவணையில் 24 லட்சம் வரி உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு மேல் புரியவில்லை. தூங்கப் போகிறேன்.

வாம்போ | 1 மார்ச், காலை 10.40

தூங்கி எழுந்ததும் படியுங்கள். பிடித்துவிட்டீர்கள்.

ஆரக்கிள் டேட்டாபேஸில் வார நாட்களில் பராமரிப்பு ஜன்னல் இரவு 10 மணிக்குத் திறப்பதுதான் வழக்கமான அமைப்பு. மாறிப்போன அட்டவணைகளுக்கு அப்போது தானாகப் புள்ளிவிவரம் எடுக்கும். உங்கள் ஸ்டேஜிங் அட்டவணையை வேலை முடிந்ததும் காலி செய்வீர்கள் இல்லையா? சாதாரண நாளில் 9.35-க்கே நிரம்பிவிடுவதால் 10 மணிக்கு 21 லட்சம் என்று எழுதிக்கொள்கிறது. மாதக் கடைசியில் 10 மணிக்கு அட்டவணை காலி. பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறது. 11.30-க்கு வினவல் வரும்போது, அதை எந்த வழியில் ஓட்டுவது என்று தீர்மானிக்கும் ஆப்டிமைசர் அந்தக் குறிப்பை நம்பி, ஒரு வரிதானே இருக்கிறது என்று முடிவு செய்யும். ஒரு வரிக்கு எது மலிவோ அந்த வழி: அதை எடுத்துக்கொண்டு பெரிய அட்டவணையில் இண்டெக்ஸ் வழியாகப் போய்த் தேடுவது. ஒரு தடவை என்றால் மலிவு. 24 லட்சம் தடவை என்றால் விடிந்துவிடும். இரண்டையும் மொத்தமாக ஹாஷ் ஜாயின் செய்திருந்தால் வழக்கமான நேரத்தில் முடிந்திருக்கும்.

நம்பாதீர்கள், பிளானை எடுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ராத்திரி ஷிப்ட் | 4 மார்ச், இரவு 9.15

பார்த்தேன். 28-ஆம் தேதி ஓட்டத்தின் பிளானில் ஸ்டேஜிங் அட்டவணைக்கு மதிப்பீடு 1 வரி, நெஸ்டட் லூப், நீங்கள் சொன்ன ஒவ்வொன்றாகப் போய்த் தேடும் வழிதான். 27-ஆம் தேதி ஓட்டத்தில் 21 லட்சம், ஹாஷ் ஜாயின்.

ஆக, மாதக் கடைசி என்பது வெறும் பழி. ஃபைல் எந்த நாள் 10 மணி தாண்டி வந்தாலும் அந்த நாள் மெதுவாகும். பழைய டிக்கெட்டுகளைக் கிளறினேன். கடந்த நவம்பரில் ஒரு புதன்கிழமை, மாத நடுவில், இதே மாதிரி மெதுவாகி "தற்காலிகச் சிக்கல், தானாகச் சரியானது" என்று மூடியிருக்கிறோம். அன்றைக்கு ஃபைல் வந்தது 10.31. மூடியது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

துவாஸ் மணி | 5 மார்ச், காலை 6.55

முழுசா புரியல தம்பி. ஆனா கடை திறக்கிறதுக்கு முன்னாடி வந்து சரக்கு எண்ணிட்டு, ஒண்ணுமே இல்லன்னு எழுதிட்டுப் போன கதை மாதிரி இருக்கு.

வாம்போ | 5 மார்ச், காலை 8.10

மணி அண்ணே, இதை நான் இனிமேல் என் குழுவில் சொல்லப் போகிறேன்.

ராத்திரி ஷிப்ட் | 16 மார்ச், பிற்பகல் 2.00

காரணம் கண்டுபிடித்தது எளிது, மாற்ற வைத்ததுதான் கஷ்டம். எல்3 வேறொரு வெண்டர். "எங்கள் கோடில் பிரச்சினை இல்லை" என்று பதில். உண்மையும் அதுதான், கோடில் பிரச்சினை இல்லையே. என் மேலாளர், நம் ஒப்பந்தத்தில் இது இல்லை, எதற்கு வம்பு என்றார். கடைசியில் வங்கியின் டேட்டாபேஸ் நிர்வாகிக்கே நேராக ஒரு மின்னஞ்சல். நீளமாக எதுவும் எழுதவில்லை. நான்கு இரவுகள், ஒவ்வொன்றுக்கும் ஃபைல் வந்த நேரம், `num_rows`, ஓட்ட நேரம். சிறிய அட்டவணை, கீழே ஒரு வரி. அரை மணி நேரத்தில் அவரே தொலைபேசியில் அழைத்தார்.

தீர்வு: அட்டவணை நிரம்பியிருக்கும்போது புள்ளிவிவரத்தை ஒரு தடவை எடுத்துப் பூட்டிவிடுவது. 22-ஆம் தேதி செய்ய அனுமதி கிடைத்திருக்கிறது.

```sql
BEGIN
  DBMS_STATS.GATHER_TABLE_STATS('APP', 'STG_TXN');
  DBMS_STATS.LOCK_TABLE_STATS('APP', 'STG_TXN');
END;
/
```

வாம்போ | 16 மார்ச், இரவு 9.30

ஒரு கேள்வி. அந்த வினவலில் ஸ்டேஜிங் அட்டவணையின் தேதியை வைத்து நிபந்தனை இருக்கிறதா? இருந்தால், பூட்டின புள்ளிவிவரத்தில் 22-ஆம் தேதி மட்டுமே இருக்கும். 23-ஆம் தேதி என்று கேட்டதும், அது எல்லைக்கு வெளியே, ஒரு வரிதான் இருக்கும் என்று மறுபடியும் அதே முடிவுக்கு வரும். ஒரு நோயை நிறுத்தி இன்னொரு வழியாக அதே நோயைக் கூட்டி வந்த மாதிரி ஆகும். நேர்காணலில் இதைத்தான் நான் கேட்பேன்.

ராத்திரி ஷிப்ட் | 17 மார்ச், காலை 5.10

ராத்திரி முழுக்க இதே பயம். பார்த்துவிட்டேன். ஸ்டேஜிங்கில் அன்றைய டேட்டா மட்டும் இருப்பதால் தேதி நிபந்தனையே இல்லை. கணக்கு எண்ணில் மட்டும் ஜாயின். தப்பித்தேன். ஆனால் நான் யோசித்துத் தப்பிக்கவில்லை, அதிர்ஷ்டம்.

சரியான வழி, ஒவ்வொரு இரவும் ஏற்றி முடித்ததும் பேட்சிலேயே ஒரு படியாகப் புள்ளிவிவரம் எடுப்பதுதான். அதற்கு எல்3 ஒரு ரிலீஸ் விட வேண்டும், ஜூனுக்கு முன் முடியாது என்கிறார்கள்.

ராத்திரி ஷிப்ட் | 1 ஏப்ரல், காலை 7.20

நோன்புப் பெருநாள் விடுமுறை ராத்திரி, நான் மட்டும் ஷிப்டில். ஃபைல் வந்தது 10.58. வேலை 2 மணி 5 நிமிடத்தில் முடிந்தது. ஏப்ரல் முட்டாள்கள் தினத்தில் எழுதுவதால் நம்பாமல் இருந்துவிடாதீர்கள்.

ரெஸ்யூமேயில் "பேட்ச் செயலிகளுக்கு எல்2 சப்போர்ட் வழங்கினேன், எஸ்எல்ஏ காத்தேன்" என்று இருந்ததை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில்: "மாதக் கடைசியில் 5 மணி 10 நிமிடம் ஓடிய வேலையை 2 மணி 5 நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன், காலி அட்டவணையில் எடுக்கப்பட்ட புள்ளிவிவரமே காரணம் என நான்கு இரவு அளந்து நிறுவினேன்."

லீட்கோட் 412 | 1 ஏப்ரல், காலை 9.00

நல்ல விஷயம்தான். ஆனால் இதே அனுபவத்தை வைத்துக்கொண்டு கோடிங் சுற்றில் விழுந்தால் இதைச் சொல்லும் வாய்ப்பே வராது. அதையும் எழுதுங்கள்.

ராத்திரி ஷிப்ட் | 1 ஏப்ரல், காலை 9.12

ஒப்புக்கொள்கிறேன். 300 போட்டிருக்காவிட்டால் அந்த மூன்று இடங்களில் முதல் சுற்றே தாண்டியிருக்க மாட்டேன்.

ராத்திரி ஷிப்ட் | 26 ஏப்ரல், இரவு 11.45

நான்காவது நிராகரிப்பு. எஸ்ஆர்இ வேலை, ஒன்-நார்த் பக்கம். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த முறை வேறு இடத்தில் விழுந்தேன்.

சிக்கல் சொல்லும் சுற்று முக்கால் மணி நேரம். முதல் முறையாக அது நேர்காணல் மாதிரி இல்லை, இரண்டு பேர் ஒரு பிரச்சினையைப் பேசின மாதிரி இருந்தது. தேதி நிபந்தனைக் கேள்வியும் அப்படியே வந்தது. வாம்போ அக்காவுக்குத் தேக்காவில் ஒரு பிரியாணி கடன்.

விழுந்தது இரண்டு இடத்தில். ஒன்று, "நாளைக்கு வேறு காரணத்தால் பிளான் மாறினால் உங்களுக்கு எப்போது தெரியும்?" என்றார்கள். 4 மணி தாண்டினால் அலாரம் அடிக்கும் என்றேன். "அது வாடிக்கையாளருக்கு வலித்த பிறகு தெரிவது. 12.30-க்கே தெரிய வழி உண்டா?" யோசித்திருக்கவே இல்லை. ஒரு மணி நேரத்தில் எத்தனை வரி முடிந்திருக்கிறது என்று எண்ணினால் போதுமே! வெளியே வந்து எம்ஆர்டி ஏறும்போது தோன்றியது.

இரண்டாவது, கோடிங். லாக் ஃபைலில் நிமிடத்துக்கு எத்தனை பிழை என்று எண்ண வேண்டும். ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். "இந்த ஃபைல் 40 ஜிபி" என்றார். நான் மொத்த ஃபைலையும் நினைவகத்தில் ஏற்றி லிஸ்டாக்கியிருந்தேன். லீட்கோட்டில் டேட்டா எப்போதும் கையில் வந்து உட்கார்ந்திருக்கும், அந்தப் பழக்கம். வரிவரியாகப் படித்திருந்தால் மாற்றம் இரண்டே வரி. பதற்றத்தில் அதுவும் பிடிபடவில்லை.

வாம்போ | 27 ஏப்ரல், காலை 11.00

பிரியாணி கடன் ஏற்கப்பட்டது.

இன்னொரு வழி யாரும் சொல்லவில்லை. நீங்கள் பராமரிக்கும் மென்பொருளை யாரோ செய்து விற்கிறார்களே, கோர் பேங்கிங், ஷெட்யூலர், அறிக்கை மென்பொருள், அவர்களும் ப்ராடக்ட் கம்பெனிதான். அந்த மென்பொருள் ராத்திரி 2 மணிக்கு எப்படி உடையும் என்று அவர்களுடைய டெவலப்பரை விட உங்களுக்குத் தெரியும். நான் வெளியே வந்த கதவு அதுதான். குறை ஒன்று உண்டு: அங்கே வாடிக்கையாளர் சப்போர்ட் பதவியில் உட்கார வைத்துவிட்டால் பெயர் மட்டும்தான் மாறும். பொறியாளர் குழுவா, சப்போர்ட் குழுவா என்று முதலிலேயே கேட்க வேண்டும்.

ராத்திரி ஷிப்ட் | 29 மே, இரவு 10.05

ஒரு சின்னக் கம்பெனி, பணப் பரிமாற்றத்துக்கு மென்பொருள் செய்கிறார்கள். மொத்தமே 18 பேர். மூன்று சுற்று, மூன்றும் தாண்டினேன். அலாரம் கேள்வி இங்கேயும் வந்தது, இந்த முறை பதில் இருந்தது. ஏனென்றால் மே மாதம் நிஜமாகவே அந்த எண்ணிக்கைக் கண்காணிப்பை வைத்துவிட்டேன். "எஸ்ஆர்இ" என்று பதவி, ஆனால் இரண்டு வருட அனுபவக்காரருக்கான படி. கொஞ்சம் வலிக்கிறது. நம் ஆட்களிடம் நாலு வருடம் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது பயம் எம்ப்ளாய்மென்ட் பாஸ் பற்றி. என்னை எடுக்க அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதால், முதலில் சொன்ன தொகையை விடக் குறைவாக இருந்தாலும் வருகிறேன் என்று சொல்லலாமா?

வாம்போ | 29 மே, இரவு 10.31

சொல்லிவிடாதீர்கள்! இதைத்தான் பிப்ரவரியில் எழுதுவதாகச் சொல்லி மறந்தேன்.

காம்பஸில் 40 புள்ளி வேண்டும். உங்கள் கணக்கைப் போடுகிறேன். பட்டத்துக்கு 10, பெரிய தரவரிசைக் கல்லூரி என்றால்தான் 20. தேசிய இனப் பரவல், உள்ளூர் வேலைவாய்ப்பு, இந்த இரண்டுக்கும் 25-க்குக் குறைவான நிபுணத்துவ ஊழியர்கள் உள்ள நிறுவனத்துக்கு நேரே பத்துப் பத்து. லீட்கோட் 412 சொன்னது பெரிய நிறுவனத்தில் நடக்கும். ஒரே நாட்டவர் 25 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பரவலுக்குப் பூஜ்யம். 18 பேர் கம்பெனியில் அந்தப் பேச்சே இல்லை.

ஆக 30 கையில். மீதி 10 சம்பளத்திலிருந்து வர வேண்டும். துறையிலும் வயதிலும் உள்ளூர்க்காரர்களோடு ஒப்பிட்டு, 65-ஆவது சதமானத்தைத் தொட்டால் 10, தொடாவிட்டால் 0. நீங்கள் பெருந்தன்மையாகக் குறைத்துக் கேட்டால் 30-ல் நின்று விண்ணப்பம் விழும். குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 5,600 வெள்ளி என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மிக இளையவர்களுக்கு, வயதோடு ஏறி 45-ல் 10,700 ஆகிறது. அதைத் தாண்டினாலும் காம்பஸ் தனி. மனிதவள அமைச்சின் சுயமதிப்பீட்டுக் கருவியில் தொகையைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பற்றாக்குறைத் தொழில் பட்டியலில் உங்கள் பதவி பொருந்தினால் கூடுதல் புள்ளி உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

ராத்திரி ஷிப்ட் | 3 ஜூன், பிற்பகல் 1.15

அவர்கள் சொன்ன தொகைக்குக் கருவி சம்பளத்துக்கு 0 காட்டியது. 700 வெள்ளி கூட்டிப் போட்டதும் 10. அந்தத் திரையையே அனுப்பி, பேரம் இல்லை, கணக்கு இது என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். என் வாழ்க்கையில் சம்பளம் கூட்டிக் கேட்டது இதுதான் முதல் தடவை, அதுவும் அமைச்சின் தயவில்.

அரசின் வேலைத் தளமான மைகெரியர்ஸ்ஃபியூச்சரில் 14 நாள் விளம்பரம் போட்டிருக்க வேண்டுமாம், அது ஏற்கெனவே முடிந்திருந்தது. விண்ணப்பம் போய்விட்டது.

லீட்கோட் 412 | 3 ஜூன், பிற்பகல் 1.40

18 பேர் கம்பெனி அடுத்த வருடம் இருக்குமா ப்ரோ? நான் பெரிய பெயருக்குத்தான் காத்திருப்பேன்.

ராத்திரி ஷிப்ட் | 3 ஜூன், பிற்பகல் 1.52

தெரியாது. இதே கேள்வியை அம்மாவும் கேட்டார்.

ராத்திரி ஷிப்ட் | 20 ஜூன், இரவு 8.00

கொள்கை அளவிலான ஒப்புதல் வந்துவிட்டது. ராஜினாமா கொடுத்தேன். இரண்டு மாத நோட்டீஸ். மேலாளர், அடுத்த சுற்றில் உனக்கு லீட் பதவி யோசித்து வைத்திருந்தேன் என்றார். எல்லாருக்கும் அதையே சொல்வாராம், பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார்.

எல்3 ரிலீஸ் ஜூனில் வரவில்லை. செப்டம்பர் என்கிறார்கள். பூட்டு மட்டும்தான் காவல். என் இடத்துக்கு வரும் தம்பிக்கு இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், யாராவது வினவலில் தேதி நிபந்தனை சேர்த்தால் என்ன ஆகும் என்பது உட்பட.

ராத்திரி ஷிப்ட் | 23 ஆகஸ்ட், காலை 10.30

இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். நிரந்தரவாசி அல்லாதவர் வேலை விட்டால், கம்பெனி ஐஆர்21 என்ற வரிப் படிவத்தைத் தாக்கல் செய்து, வரித் தீர்வு வரும்வரை கொடுக்க வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும். தாக்கல் செய்து அதிகபட்சம் 30 நாள். இங்கேயே வேறு கம்பெனிக்கு மாறினாலும் இதுதான். கம்பெனியின் அடாவடி என்று நினைத்து மனிதவளப் பெண்ணிடம் கத்திவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன். கடைசிச் சம்பளம் இன்னும் வரவில்லை. வாடகைக்கு அறைத்தோழனிடம் கடன்.

துவாஸ் மணி | 23 ஆகஸ்ட், காலை 11.10

அது எல்லாருக்கும் உண்டு தம்பி. நான் 2019-ல் கம்பெனி மாறினப்ப ஒரு மாசம் பரோட்டாவும் சாம்பாரும்தான்.

செங்காங் | 24 ஆகஸ்ட், பிற்பகல் 3.20

பட்டச் சான்று வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை ஒரு நேர்காணல், டெஸ்ட் ஆட்டோமேஷன், ப்ராடக்ட் கம்பெனிதான். நான் மூன்று வருடம் கையால் டெஸ்ட் செய்தவள். சொல்வதற்கு என்னிடம் எந்தக் கதையும் இல்லை என்று தோன்றுகிறது.

ராத்திரி ஷிப்ட் | 24 ஆகஸ்ட், பிற்பகல் 3.41

அக்கா, நீங்கள் பதிவு செய்த பிழைகளில், டெவலப்பர் "என் கணினியில் வரவில்லை" என்று திருப்பி அனுப்பி, நீங்கள் விடாமல் மறுபடி வர வைத்துக் காட்டினது ஏதாவது உண்டா?

செங்காங் | 24 ஆகஸ்ட், பிற்பகல் 3.58

ஒன்று இருக்கிறது. தேதி 29-லிருந்து 31 வரை மட்டும் வரும். காரணம் என்னவென்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ராத்திரி ஷிப்ட் | 24 ஆகஸ்ட், பிற்பகல் 4.02

வியாழனுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அந்தத் திரையில் என்ன கணக்கு நடந்தது, எதை எதோடு கூட்டினார்கள் என்று நினைவிலிருந்து எழுதுங்கள், பெயர் எதுவும் வேண்டாம். பிப்ரவரியில் 29-ஆம் தேதி இல்லாததால் உடைகிறதோ என்று எனக்குச் சந்தேகம், ஆனால் நான் பேக்கப் என்று சொன்ன ஆள். வாம்போ அக்கா வந்து பார்க்கட்டும்.